பகுதியில் மூலம் இருந்தா குத்தமாய்யா?

முதல்லயே சொல்லிடறேன். இது வர்க்கமூலம் பத்தின பதிவு. வேற மூலத்துக்கு வைத்தியம் தேடி வந்தவங்க அப்படியே டாக்டர்கிட்ட போயிடுங்க, இங்க மருந்து கிடையாது :-)

"பி.காம் படிக்கறவனுக்கு வர்க்கமூலத்துல என்னடா வேலை"ன்னு க்ளாஸ் மக்கள் கேப்பீங்க. நியாயமான கேள்விதான். போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் எனக்கும் ஒரு வேலையும் இல்லை. அன்னிக்கு மதியம் ஹாஸ்டல்ல பிரியாணி சாப்பிட்டு கண்ணு சொருகற நேரத்துல வாட்ஸப்ல ஒரு போட்டோ வந்துச்சு. அனுப்பினது சித்தி பொண்ணு. ஒன்பதாவது படிக்கிறா. நோட்டுல ஒரு பக்கம், மூணு கணக்கு, நடுவுல சிவப்பு மை. கீழே ஒரே ஒரு வரி:

"அண்ணா, நான் பதினொண்ணுல கணக்கு இல்லாத க்ரூப்பே எடுத்துக்கறேன்."

தூக்கம் போச்சு. ஏன்னா இதே வரியை இதே வயசுல நானும் சொல்லியிருக்கேன். காமர்ஸ் பிடிச்சு வந்தேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியறேனே, அதுல பாதிதான் உண்மை. மீதிப் பாதி, கணக்கைப் பார்த்து ஓடி வந்தது. அதனால அந்தப் பக்கத்தை விரலால பெருசாக்கிப் பெருசாக்கி ஒரு மணி நேரம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க தூக்கத்துக்குப் பதிலா கோவம் வந்துச்சு. அந்தக் கோவம்தான் இந்தப் பதிவு.

அந்தப் பக்கத்தில் இருந்தது

மூணு கணக்கையும் முதல்ல போட்டுடறேன். பேப்பர் பேனா இருந்தா நீங்களும் போட்டுப் பாருங்க.

1) சுருக்குக: √72 − √50 + √18
2) சுருக்குக: √15 ÷ √30
3) பகுதியை விகிதமுறு எண்ணாக்குக: 4 / (√5 + 3)

அவ எழுதின கடைசி விடைகள்:

1) 2√18 − 2√2 ... சிவப்பில் பெருக்கல் குறி.
2) 1/√2 ... பெருக்கல் குறி. பக்கத்துல "பகுதியில் மூலம் வரக்கூடாது!!" ஆச்சரியக்குறி ரெண்டு, நான் போட்டது இல்லை.
3) √5/2 ... டிக்.

திருத்தினது ஒரு டியூஷன் சென்டர். பேர் வேண்டாம். ஒரு பேட்ச்சுக்கு அறுபது நோட்டு திருத்தறவரை தனியா நிக்க வெச்சு அடிக்கறது என் நோக்கம் இல்லை. ஆனா கூத்து என்னன்னு பாருங்க. தப்புன்னு போட்ட ரெண்டு விடையோட மதிப்பும் சரி. சரின்னு போட்ட ஒரே விடை தப்பு!

சும்மா சொல்லலை. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

போட்டோவைப் படிக்கறதே ஒரு கணக்கு

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். நோட்டுப் பக்கத்தை போன்ல படம் எடுத்தா ரெண்டு இடத்துல கண்ணு ஏமாறும். எனக்கும் ஏமாந்துச்சு.

ஒண்ணு, எண்கள். முதல் கணக்கு நோட்டோட மடிப்புப் பக்கம் இருந்ததால நிழல் விழுந்திருந்தது. √72-ஆ √12-ஆ தெரியலை. அவளோட அடுத்த வரியைப் பார்த்தேன். 2√18-ன்னு ஆரம்பிச்சிருந்தா. 2 வெளியே வரணும்னா உள்ளே 4 இருந்திருக்கணும். 4 × 18 = 72. அது 12-ஆ இருந்திருந்தா அடுத்த வரியில 2√3 வந்திருக்கும். ஆக 72. இதுல ஊகம் எதுவும் இல்லை, சாட்சி அடுத்த வரியில இருக்கு.

ரெண்டாவது, மூலக் குறிக்கு மேல இழுக்கிற கோடு. இதுதான் ரொம்ப ஆபத்து. அந்தக் கோடு எது வரைக்கும் போகுதோ அது வரைக்கும்தான் மூலம். மூணாவது கணக்குல கோடு 5-க்கு மேல முடியுதா, இல்லை 3 வரைக்கும் நீளுதான்னு படத்துல தெளிவா இல்லை. 5-ஓட முடிஞ்சா கீழே இருக்கறது √5 + 3, அதாவது 5.236. 3 வரைக்கும் போனா உள்ளே 8 வந்துடும், √8, அதாவது 2.828. ரெண்டும் வேற வேற கணக்கு. இங்கேயும் அவளோட அடுத்த வரிதான் காப்பாத்திச்சு. மேலேயும் கீழேயும் √5-ஆல பெருக்கியிருந்தா. கோடு 3-ஐயும் மூடியிருந்தா √8-ஆல பெருக்கியிருப்பா. ஆக 3 வெளியேதான் இருக்கு.

சரி, பக்கம் படிச்சாச்சு. இப்ப விடைகள்.

முதல் கணக்கு: முடியலை, ஆனா தப்பில்லை

√72-ல இருந்து அவ கண்ணுல முதல்ல பட்ட வர்க்க எண்ணான 4-ஐ வெளியே எடுத்தா. 2√18. √50-ஐ 5√2-ன்னும், √18-ஐ 3√2-ன்னும் சரியா மாத்தினா. அப்புறம்

2√18 − 5√2 + 3√2 = 2√18 − 2√2

ன்னு முடிச்சுட்டா.

கால்குலேட்டர் எடுங்க. கேள்வியில இருக்கற முதல் வரி: 8.485 − 7.071 + 4.243 = 5.657. அவ விடை: 8.485 − 2.828 = 5.657. மதிப்பு அச்சு அசலா சரி. புத்தகத்து விடை 4√2, அதுவும் 5.657.

பின்ன என்ன குறை? 2√18-க்குள்ள இன்னும் ஒரு 9 ஒளிஞ்சிருக்கு. 18 = 9 × 2. அதையும் வெளியே எடுத்தா 2 × 3√2 = 6√2. அப்பதான் மூணு உறுப்பும் ஒரே குடும்பம்னு தெரியும்: 6√2 − 5√2 + 3√2 = 4√2. சுருக்கறதுங்கறதுக்கு இங்க உண்மையிலேயே ஒரு பயன் இருக்கு பாருங்க. √72, √50, √18-ன்னு மூணு அந்நியர் மாதிரி நின்னவங்க, சுருக்கின பிறகு எல்லாரும் √2-ஓட சொந்தக்காரங்கன்னு வெளிச்சம் ஆகுது. அது தெரிஞ்சாதான் கூட்டவே முடியும்.

இதைத் தவறவிடாம இருக்க வழி ரொம்ப சுலபம். எண்ணை பகாக் காரணிகளா உடைச்சுடணும். 72 = 2 × 2 × 2 × 3 × 3. ஜோடி சேர்ந்தவங்க ஒவ்வொரு ஜோடிக்கும் ஒருத்தரா வெளியே வருவாங்க. 2 ஒண்ணு, 3 ஒண்ணு, மொத்தம் 6. ஜோடி இல்லாத 2 உள்ளேயே இருக்கும். 6√2. பகாக் காரணி போட சோம்பலா இருந்தா, வெளியே எடுத்து முடிச்சதும் உள்ளே மிச்சம் இருக்கறதை 4, 9, 25-ஆல வகுத்துப் பாருங்க. எதாலயாவது வகுபட்டா இன்னும் வேலை பாக்கி. (பெரிய எண்ணா இருந்தா 49-ஐயும் சேர்த்துக்கங்க.)

என் தீர்ப்பு: இந்த விடைக்கு முழு மார்க் குடுக்காதது சரி. ஆனா பெருக்கல் குறி? "18-ஐ இன்னும் உடை"ன்னு மூணு வார்த்தை எழுதியிருந்தா அவளே போட்டிருப்பா. பெருக்கல் குறியைப் பார்த்து அவ என்ன நினைச்சா தெரியுமா? 72-ல இருந்து 4-ஐ எடுத்ததே தப்புன்னு நினைச்சுக்கிட்டா.

இரண்டாவது கணக்கு: இதுலதான் எனக்கு பி.பி. ஏறிச்சு

√15 ÷ √30. ரெண்டையும் ஒரே மூலத்துக்குள்ள கொண்டு வந்தா √(15/30), அதாவது √(1/2), அதாவது 1/√2. அழகா போட்டிருக்கா. ஒரு படி கூட தேவையில்லாம இல்லை.

ஆனா விடைக் குறிப்புல √2/2-ன்னு இருக்கு. அதனால தப்பாம்.

1/√2-ம் √2/2-ம் ஒரே எண். மேலேயும் கீழேயும் √2-ஆல பெருக்கறோம். √2/√2-ங்கறது 1. ஒண்ணால பெருக்கினா ஒண்ணும் மாறாது. மாறுறது சட்டை மட்டும், ஆள் அதே ஆள். சட்டை மாத்தாததுக்கு "நீ அந்த ஆளே இல்லை"ன்னு சொல்ற மாதிரிதான் அந்தப் பெருக்கல் குறி.

இன்னொண்ணு. முக்கோணவியல் பாடத்தை எடுங்க. sin 45° என்னன்னு நம்ம பாடப் புத்தக அட்டவணையில பாருங்க. 1/√2. tan 30°? 1/√3. பகுதியில மூலத்தோட, ஜம்முனு, கட்டம் கட்டி அச்சடிச்சு வெச்சிருக்கான். ஒரு பாடத்துல மனப்பாடம் பண்ணுன்னு சொல்ற எண்ணை இன்னொரு பாடத்துல எழுதினா பெருக்கல் குறியா? பிள்ளைங்க கணக்கை எதுக்கு நம்பணும்?

அப்ப இந்த விதி எங்கிருந்து வந்தது?

விதியே முட்டாள்தனம்னு நான் சொல்ல வரலை. அதுக்குப் பின்னாடி நல்ல காரணம் இருக்கு. அந்தக் காரணத்தை யாரும் சொல்லித் தராததுதான் என் சண்டை.

கால்குலேட்டர் இல்லாத காலத்தை நினைச்சுப் பாருங்க. √2-ஓட மதிப்பு 1.41421-ன்னு புத்தகத்துல இருக்கும். 1/√2 வேணும்னா 1-ஐ 1.41421-ஆல நீள் வகுத்தல்ல வகுக்கணும். போட்டுப் பாருங்க, ரெண்டாவது இலக்கத்துலயே கை வலிக்கும். இன்னும் கொஞ்சம் துல்லியம் வேணும்னு √2-க்கு ரெண்டு இலக்கம் கூட்டினா வகுக்கற எண்ணே மாறிடும், மொத்தத்தையும் முதல்ல இருந்து போடணும். அதுவே √2/2-ன்னு எழுதினா? 1.41421-ஐ 2-ஆல வகு. 0.707105. மனசுலயே போட்டுடலாம். இன்னும் ரெண்டு இலக்கம் வேணுமா, விட்ட இடத்துல இருந்து தொடரலாம். பகுதியில முழு எண்ணும், தொகுதியில மூலமும் இருக்கறது கையால வகுக்கறவனுக்கு அவ்வளவு பெரிய நிம்மதி.

ரெண்டாவது காரணம், ஒப்பிடறது. 6/√3, 2√3, √12 மூணும் ஒரே எண். க்ளாஸ்ல நாப்பது பேர் நாப்பது விதமா எழுதினா யார் விடை யாரோடதுன்னே தெரியாது. எல்லாரும் ஒரே வடிவத்துல முடிச்சா பார்த்ததும் ஒப்பிடலாம், கூட்டவும் செய்யலாம். 1/√2 + √8 என்னன்னு கேட்டா முழிப்போம். √2/2 + 2√2-ன்னு எழுதினா, அரை √2-வும் ரெண்டு √2-வும் சேர்ந்து ரெண்டரை √2-ன்னு உடனே தெரியும்.

ஆக இது வசதிக்காக வந்த பழக்கம். ட்ராஃபிக்ல இடது பக்கம் போறது மாதிரி. அவசியம்தான், ஆனா வலது பக்கம் வண்டி ஓட்டற நாட்டுல ரோடு பொய்யாகிடறதில்லை. நம்ம ஊர்ல இதை எப்படிச் சொல்லித் தர்றாங்க? "பகுதியில மூலம் வரவே கூடாது, வந்தா தப்பு." சாமி குத்தம் மாதிரி! எதுக்குன்னு கேட்டா "மார்க் போயிடும்".

மூணாவது கணக்கு: டிக் வாங்கின தப்பு

சாமி குத்தத்துக்கு பயந்தா என்ன ஆகும்னு இந்தக் கணக்குல பாருங்க.

4 / (√5 + 3). இவளுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு: கீழே மூலம் இருக்கக் கூடாது, அதே மூலத்தால மேலேயும் கீழேயும் பெருக்கு. 1/√2-க்கு அது வேலை செஞ்சது. அதனால இங்கேயும் √5-ஆல பெருக்கினா. மேலே 4√5. கீழே 5 + 3-ன்னு எழுதினா. 4√5/8. சுருக்கி √5/2. கீழே மூலம் இல்லை. டிக்!

ஆனா √5-ஆல பெருக்கும்போது 3-ஐயும் பெருக்கணும் இல்லையா? √5 × (√5 + 3) = 5 + 3√5. மூலம் போகலை, ஒரு வீட்டுல இருந்து பக்கத்து வீட்டுக்குக் குடி போயிருக்கு, அவ்வளவுதான். அதை அவ கவனிக்கலையா, இல்லை கவனிச்சும் "இருக்கக் கூடாதே"ன்னு விட்டுட்டாளான்னு போன் பண்ணிக் கேட்டேன்.

"முதல்ல 3√5-ன்னுதான் எழுதினேன் அண்ணா. கீழே மறுபடி மூலம் வந்துச்சு. வரக்கூடாதுல்ல, அதான் அழிச்சுட்டேன்."

படத்தைத் திரும்பப் பெருசாக்கிப் பார்த்தேன். 3-க்குப் பக்கத்துல ரப்பர் போட்ட தடம் லேசா இருக்கு. மக்களே, சரியா எழுதினதை அழிச்சுட்டு, விதிக்குக் கட்டுப்பட்டு தப்பா எழுதியிருக்கா. அதுக்கு டிக் வேற.

இந்த விடை தப்புன்னு கண்டுபிடிக்க கால்குலேட்டர் கூட வேண்டாம். √5 என்பது 2-ஐ விடப் பெருசு. அப்ப பகுதி √5 + 3 என்பது 5-ஐ விடப் பெருசு. 4-ஐ 5-க்கு மேற்பட்ட எண்ணால வகுத்தா 1-ஐ விடச் சின்னதாத்தான் வரும். இவ விடை √5/2. √5 இரண்டை விடப் பெருசுங்கறதால இது 1-ஐ விடப் பெருசு. கதை முடிஞ்சது. அஞ்சு விநாடி வேலை. சரியான மதிப்பு 4 ÷ 5.236 = 0.764, அவ எழுதினது 1.118.

சரியான வழி எது? ரெண்டு உறுப்பு இருக்கும்போது ஒரு மூலத்தால பெருக்கினா மத்த உறுப்பு அந்த மூலத்தை வாங்கிக்கும். அதனால குறியை மட்டும் மாத்தின இணையால பெருக்கணும். இங்கே 3 + √5-க்கு இணை 3 − √5.

(3 + √5)(3 − √5) = 9 − 3√5 + 3√5 − 5 = 4

நடுவுல பாருங்க, −3√5-ம் +3√5-ம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுச் செத்துடுச்சு. எந்த மூலம் அவளுக்குத் தொல்லை குடுத்துச்சோ அதை அழிக்க ரப்பர் தேவையில்லை, அதுவே அழியும். இணையை எடுக்கறதுக்கு ஒரே காரணம் இதுதான். மிச்சம்:

4(3 − √5) / 4 = 3 − √5

3 − 2.236 = 0.764. பொருந்துது.

ஒரு சின்ன எச்சரிக்கை. இணையை √5 − 3-ன்னு எடுத்தா கீழே 5 − 9 = −4 வரும். தப்பில்லை, ஆனா மேலேயும் √5 − 3 இருக்கும், அதோட குறியையும் மாத்த மறந்துட்டா விடை எதிர்ம எண்ணாகிடும். கொடுத்தது மொத்தமும் நேர்ம எண். அதனால விடை எதிர்மமா வந்தா உடனே சந்தேகப்படுங்க. பெரிய எண்ணை முன்னாடி வெச்சு எழுதிட்டா இந்தத் தொல்லையே இல்லை.

மூலம் கீழே இருக்கறதே நல்லது, சில நேரம்

"வசதிக்கான விதின்னாலும் எப்பவும் பின்பத்தினா என்ன நஷ்டம்"னு சிலர் கேப்பீங்க. வசதி எப்பவும் அந்தப் பக்கமே இல்லைங்கறதுதான் நஷ்டம். ரெண்டே உதாரணம்.

உங்ககிட்ட 8 இலக்க சாதா கால்குலேட்டர் இருக்குன்னு வெச்சுக்கங்க. √10001 − 100 என்னன்னு பாருங்க. √10001-க்கு அது காட்டறது 100.00499. அதுக்கு மேல இடம் இல்லை, வெட்டிடும். 100-ஐக் கழிச்சா 0.00499. எட்டு இலக்கத்துல மூணுதான் மிஞ்சிச்சு, மத்த எல்லாம் கழித்தல்ல காணாம போச்சு. இப்ப இணையால பெருக்கி, மூலத்தை வேணும்னே கீழே தள்ளுங்க:

√10001 − 100 = 1 / (√10001 + 100)

1 ÷ 200.00499 = 0.0049998. உண்மையான மதிப்பு 0.004999875. அதே கால்குலேட்டர், அதே எண், ஆனா இப்ப கிட்டத்தட்ட முழுசா சரி. கிட்டத்தட்ட சமமான ரெண்டு எண்ணைக் கழிக்கறப்ப இப்படித்தான் துல்லியம் ஒழுகிப் போகும். கூட்டலா மாத்தினா ஒழுகாது. கையால வகுத்தவனுக்கு மூலம் மேலே இருக்கறது வசதி. மெஷின்ல போடறவனுக்கு இங்கே கீழே இருக்கறது வசதி. கருவி மாறினா வசதியும் மாறும்.

ரெண்டாவது நம்ம காஸ்டிங் பேப்பர்ல இருந்து. இ.ஓ.க்யூ ஞாபகம் இருக்கா? ஒரு தடவைக்கு எவ்வளவு ஆர்டர் போட்டா மொத்தச் செலவு குறையும்ங்கற கணக்கு. ஆண்டுத் தேவை 600, ஒரு ஆர்டருக்கு 30 ரூபாய், ஒரு யூனிட்டை ஒரு வருஷம் வெச்சிருக்க 2 ரூபாய்.

√(2 × 600 × 30 ÷ 2) = √18000 = 60√5, சுமார் 134 யூனிட்.

இப்ப குடோன் வாடகை ஏறி, வெச்சிருக்கற செலவு 4 ரூபாய் ஆகிடுச்சு. √9000. விதிப்படி சுருக்கினா 30√10. இதைப் பார்த்து உங்களுக்கு எதாவது புரியுதா? எனக்குப் புரியலை. அதையே 60√5/√2-ன்னு எழுதிப் பாருங்க. பழைய அளவை √2-ஆல வகுத்தது. செலவு ரெண்டு மடங்கானா ஆர்டர் அளவு பாதி ஆகாது, √2 பங்காத்தான் குறையும்னு விடையே பேசுது. 134-ல இருந்து 67-க்கு வராது, 95-க்கு வரும். "கீழே மூலம்" இருக்கற வடிவம்தான் இங்க விஷயத்தைச் சொல்லுது. மேலே கொண்டு போனா விஷயம் மறைஞ்சிடும்.

"ரூல்னா ரூல்தானே?"

இப்படித்தான் எங்க சித்தியும் சொன்னாங்க. "மாஸ்டர்கிட்ட எல்லாம் ஒண்ணும் கேக்காதடா. பரீட்சையில என்ன எதிர்பார்க்கறாங்களோ அதை எழுதிட்டுப் போகட்டும்."

சித்தி சொல்றதுல பாதி எனக்கும் சம்மதம். கேள்வி "பகுதியை விகிதமுறு எண்ணாக்குக"ன்னு கேட்டா, ஆக்கித்தான் தரணும். ஆக்கலைன்னா கேட்டதைச் செய்யலைன்னு மார்க் குறைங்க, சண்டைக்கு வரமாட்டேன். ஆனா ரெண்டாவது கணக்கு "சுருக்குக"ன்னுதான் கேட்டது. குறிப்பிட்ட வடிவம் வேணும்னா கேள்வியில கேளுங்கய்யா. கேக்காம மனசுல வெச்சுக்கிட்டு பெருக்கல் குறி போடறது என்ன நியாயம்?

மீதிப் பாதிக்கு என் பதில்: திருத்தும்போது ரெண்டு கேள்வி தனித்தனியா கேக்கணும். மதிப்பு சரியா? கேட்ட வடிவத்துல இருக்கா? முதல் கேள்விக்கு ஆமா, ரெண்டாவதுக்கு இல்லைன்னா, "இன்னும் ஒரு படி"ன்னு எழுதுங்க. முதல் கேள்விக்கே இல்லைன்னா, கீழே மூலம் இருந்தாலும் இல்லாட்டியும் அது தப்பு. இப்ப நடக்கறது என்னன்னா ரெண்டாவது கேள்வியை மட்டும் கேக்கறாங்க. கீழே மூலம் இருக்கா, தப்பு. இல்லையா, சரி. இதனாலதான் 1/√2 தோத்துச்சு, √5/2 ஜெயிச்சுச்சு.

பிள்ளைங்க கத்துக்கறதும் அதையேதான். மதிப்பு மாறாம வடிவம் மாத்தறதுதான் இந்தப் பாடத்தோட உயிரே. இவ கத்துக்கிட்டது, வடிவத்துக்காக மதிப்பை அழிக்கலாம்ங்கறது. 3√5-ஐ ரப்பர் போட்டு அழிச்ச அந்தத் தடம் இருக்கே, அதுக்கு எந்தச் சிவப்பு மையிலயும் குறி இல்லை.

அன்னிக்கு சாயங்காலம் போன்லயே மூணாவது கணக்கை மறுபடி போட வெச்சேன். இணையால பெருக்கினா. நடுவுல ரெண்டு 3√5-ம் அடிபட்டதும் ஒரு சின்ன அமைதி. அப்புறம், "அழிக்க வேண்டாமா, அதுவே போயிடுச்சு!"ன்னா. கடைசியில 3 − √5 வந்ததும் 1-ஐ விடச் சின்னதான்னு நான் சொல்லாமலே அவளே பார்த்தா.

அப்புறம் கேட்டா. "அப்ப 1/√2 தப்பில்லையா அண்ணா?"

"தப்பில்லைம்மா. அந்த ஆளேதான், சட்டைதான் வேற."

"பின்ன ஏன் தப்பு போட்டாங்க?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. திருத்தறவங்க யாராவது இதைப் படிச்சா பின்னூட்டத்துல சொல்லுங்க, அவகிட்ட சொல்லிடறேன். க்ரூப் விஷயத்தை இன்னும் முடிவு பண்ணலையாம். அது வரைக்கும் சந்தோஷம்.

டிஸ்கி 1: நான் கணக்கு மேஜர் இல்லை. மேல எதாவது தப்பா போட்டிருந்தா தாராளமா பெருக்கல் குறி போடுங்க. ஆனா எந்த வரின்னு சொல்லிட்டுப் போடுங்க.

டிஸ்கி 2: நோட்டை போட்டோ எடுத்து அனுப்பறவங்க தயவு செஞ்சு நோட்டை நல்லா விரிச்சு, வெளிச்சத்துல வெச்சு எடுங்க. மூலக் கோடு எங்க முடியுதுன்னு தெரியணும் சாமிகளா!